சரக்கிருப்புக் கணக்கைக் காட்டி நடைமுறை மூலதனக் கடன் கேட்கும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு வியாபாரிகள் வங்கிக் கடனுக்குப் போகும்போது திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டிருக்கின்றன. கணக்கு புரிவதற்காக ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு, லுங்கி வாங்கி விற்கும் ஒரு சிறு ஜவுளிக்கடையை உதாரணமாக வைத்துக்கொண்டோம். எல்லாப் பதில்களிலும் அதே கடைதான் வரும். அதன் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை.

விண்ணப்பப் படிவம் கொடுக்கிறேன், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கொடுக்கிறேன். அப்புறம் கடிதம் வேற எதுக்கு?

படிவத்தில் "தேவைப்படும் தொகை" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தத் தொகை எப்படி வந்தது என்று எழுத அதில் இடம் கிடையாது. ரிட்டர்ன் நீங்கள் எவ்வளவு விற்றீர்கள் என்று காட்டும். கடையில் எவ்வளவு சரக்கு நிற்கிறது, எத்தனை நாளில் அது பணமாகிறது, எந்த மாதத்தில் பணம் போதாமல் போகிறது என்பதெல்லாம் அதில் தெரியாது. இவற்றைச் சொல்வது இருப்புப் பதிவேடு மட்டும்தான். அந்தப் பதிவேட்டிலிருந்து கடன் தொகைக்கு எப்படி வந்தோம் என்பதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் காட்டுவதே கடிதத்தின் வேலை.

கிளை மேலாளர் உங்கள் கோப்பைப் பார்த்து ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டியிருக்கும். அவர் எழுதவேண்டிய காரணத்தை நீங்களே எண்ணோடு கொடுத்துவிட்டால், அவர் கேள்வி கேட்டு உங்களைத் திருப்பி அனுப்பும் தடவைகள் குறையும்.

நடைமுறை மூலதனக் கடன்னா மாசாமாசம் தவணை கட்டணுமா?

சரக்கு வாங்குவதற்குப் பெரும்பாலும் கேஷ் கிரெடிட் கணக்கு, அதாவது சி.சி., கொடுப்பார்கள். ஒரு வரம்பு இருக்கும். அதற்குள் எடுக்கலாம், விற்ற பணத்தைப் போடலாம், மறுபடி எடுக்கலாம். எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாட்களுக்கு மட்டும் வட்டி. சரக்கு உங்கள் கடையிலேயே இருக்கும், நீங்கள் விற்கலாம். ஆனால் வங்கிக்கு அதன்மேல் ஈட்டுரிமை உண்டு. அதனால்தான் இருப்புக் கணக்கு இவ்வளவு முக்கியமாகிறது: வங்கி பிடித்துக்கொண்டிருக்கும் ஈடு அந்தச் சரக்குதான்.

எங்கிட்ட இருக்கிறது ஒரு நோட்டுதான். டாலி எல்லாம் கிடையாது. அது செல்லுமா?

செல்லும். மென்பொருளில் வைப்பதா நோட்டில் வைப்பதா என்பதைவிட, ஒவ்வொரு ரகத்துக்கும் வரவு, செலவு, மீதி தனித்தனியாக ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஜி.எஸ்.டி. விதி 56-ம் இதைத்தான் கேட்கிறது: ஆரம்ப இருப்பு, வந்தது, விற்றது, கெட்டுப்போனது அல்லது காணாமல் போனது, இலவசமாகக் கொடுத்தது, மீதி. இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில், இருப்பவர்களுக்கு அந்த இருப்புக் கணக்கு கட்டாயமில்லை. ஆனால் சி.சி. வேண்டுமென்றால் அவர்களும் வைத்துத்தான் ஆகவேண்டும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பருத்தி இரட்டை பெட்ஷீட், 90×100. மாத ஆரம்பத்தில் 140. ஆறாம் தேதி மில் பில்லோடு வந்தது 200. மாதம் முழுக்க விற்றது 215. சாயக்கறை பட்டு ஒதுக்கியது 3. ஏட்டின்படி மீதி 122. மாதக் கடைசியில் அலமாரியில் எண்ணினால் 119. இந்த மூன்று குறைவதை அழித்துத் திருத்தாமல் "எண்ணிக்கையில் குறைவு 3" என்று தனி வரியாக எழுதி, எண்ணியவர் தேதியோடு கையெழுத்துப் போடவேண்டும். எண்ணிக்கைக் குறைவே இல்லாத பதிவேட்டை அனுபவமுள்ள அதிகாரி நம்பமாட்டார். ஒரே உட்காரலில் ஒரே பேனாவால் எழுதியது என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

எல்லா ரகத்துக்கும் இப்படி வைக்க ஆள் இல்லையென்றால், மதிப்பில் பெரும்பங்கு வகிக்கும் ரகங்களுக்கு மட்டுமாவது தனிப்பக்கம் வையுங்கள். கைக்குட்டை, தலையணை உறை போன்ற சில்லறையை ஒரே தலைப்பில் சேர்த்து மாதம் ஒருமுறை எண்ணினால் போதும்.

சரக்குக்கு என்ன விலை போடணும்? விக்கிற விலையா, வாங்கின விலையா?

வாங்கிய விலை. விற்கக்கூடிய விலை அதைவிடக் கீழே போயிருந்தால் அந்தக் குறைந்த விலை. மேலே சொன்ன பெட்ஷீட் பில் விலை 400 ரூபாய், 200 பெட்ஷீட்டுக்கு லாரி வாடகை 600. ஒன்றுக்கு 3 ரூபாய் சேர்த்து அடக்கம் 403. எண்ணிய 119 பெட்ஷீட்டின் மதிப்பு 47,957 ரூபாய். கடையில் 480-க்கு விற்பதால் 57,120 என்று போட்டால் இன்னும் சம்பாதிக்காத லாபத்தையும் ஈடாகக் காட்டியதாக ஆகும்.

பில்லில் 5 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 20 ரூபாய் இருக்கிறதே என்றால், அந்த வரியை நீங்கள் உள்ளீட்டு வரவாக எடுப்பவராக இருந்தால் அடக்கத்தில் சேர்க்கக்கூடாது. இணக்க வரித் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரவு கிடையாது, அவர் சேர்க்கலாம்.

சரி, எவ்வளவு கேக்கலாம்?

மூன்று தனித்தனிக் கேள்விகளை இங்கே குழப்பிக்கொள்கிறார்கள்: எவ்வளவு தேவை, சரக்கு எவ்வளவைத் தாங்கும், வங்கி விதி எவ்வளவு அனுமதிக்கும். மூன்றில் எது குறைவோ அதைத்தான் கேட்கவேண்டும். பெரும்பாலும் குறைவாக வருவது முதலாவது.

நம் கடையின் ஆண்டு விற்பனை 96 லட்சம். ஆண்டு ஆரம்ப இருப்பு 15 லட்சம், கொள்முதல் 81 லட்சம், மார்ச் 31 இருப்பு 16 லட்சம். ஆக, விற்ற சரக்கின் அடக்கம் 80 லட்சம். மாதக் கடைசி இருப்புகளின் சராசரியும் சுமார் 16 லட்சம் என்பதால் சரக்கு வருடத்தில் ஐந்து முறை சுழல்கிறது. சராசரியாக 73 நாளில் பணமாகிறது. மில்களுக்குத் தரவேண்டிய பாக்கி 4 லட்சம், வாடிக்கையாளர்களிடம் நிற்பது 2 லட்சம். சரக்கும் வரவேண்டிய பாக்கியும் சேர்ந்து 18, அதில் மில் பாக்கி 4 போக, வியாபாரத்தில் கிடக்கும் சொந்தப்பணம் 14 லட்சம்.

போன வருடம் தீபாவளிக்காகச் செப்டம்பர் கடைசியில் கடைக்காரர் 18 லட்சத்துக்குச் சரக்கு வாங்கி வைத்திருந்தார். மில் பாக்கியை 6 லட்சம் வரை இழுத்துத்தான் அது முடிந்தது. அப்படியும் நான்கு ரகங்கள் பண்டிகைக்கு 9 நாள் முன்பே தீர்ந்தன. பதிவேட்டில் பெட்ஷீட் ஒரு நாளைக்கு 30 போய்க்கொண்டிருந்தது, பிறகு ஒன்பது நாள் மீதி பூஜ்யம். 270 பெட்ஷீட், அடக்க விலையில் 1,08,810 ரூபாய். நான்கு ரகத்துக்கும் சேர்த்து சுமார் 3.75 லட்சம். விற்பனை இந்த வருடம் 96-லிருந்து 108 லட்சமாகும் என்று எடுத்தால், 18 லட்சத்துக்கு அதே விகிதத்தில் 2.25 லட்சம் கூடும். ஆக இந்த வருடம் செப்டம்பருக்கு வேண்டிய சரக்கு 24 லட்சம். வரவேண்டியது 2, மில் பாக்கி 5 என்று வைத்தால் 24+2−5=21 லட்சம் பணம் கிடக்கவேண்டும். கையில் இருப்பது 14. தேவை 7 லட்சம்.

சரக்கு எவ்வளவைத் தாங்கும்னு வங்கி எப்படிப் பார்க்கும்? டி.பி.ன்னு ஏதோ சொல்றாங்க.

டி.பி. என்றால் டிராயிங் பவர், அன்றைய தேதியில் நீங்கள் எடுக்கத் தகுதியான தொகை. சரக்கில் பழையதைக் கழிப்பார்கள், மில் பாக்கியைக் கழிப்பார்கள், மீதியில் உங்கள் பங்காக ஒரு மார்ஜின் பிடிப்பார்கள். சரக்குக்கு 25 சதவீதம் பரவலாக இருப்பது. வரவேண்டிய பாக்கிக்கு இன்னும் கூடுதலாகப் பிடிப்பார்கள், 90 நாள் தாண்டியதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உங்கள் கிளையின் விகிதத்தைக் கடிதம் எழுதும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கணக்கு: சரக்கு 24, பழையது 1 போக 23, மில் பாக்கி 5 போக 18, அதில் முக்கால் பங்கு 13.5 லட்சம். வரவேண்டிய 2 லட்சத்தில் 90 நாள் தாண்டியது 40,000 போக 1.6 லட்சம், 40 சதவீத மார்ஜின் போக 96,000. மொத்தம் 14.46 லட்சம். 7 லட்சத்தை இந்தச் சரக்கு இரண்டு மடங்காகத் தாங்குகிறது.

மில் பாக்கியை ஏன் கழிக்கிறாங்க? சரக்கு என் கடையிலதானே இருக்கு?

அந்தச் சரக்குக்கு ஏற்கனவே மில் கடன் கொடுத்துவிட்டது. அதே சரக்கைக் காட்டி வங்கியும் கொடுத்தால் ஒரே பொருளுக்கு இரண்டு கடன். பாக்கியைக் குறைத்துக் காட்டுபவர்கள் மாட்டுவது இங்கேதான்: கொள்முதல் பில்களையும் வங்கிக் கணக்கில் மில்லுக்குப் போன பணத்தையும் அருகருகே வைத்தால் நிலுவை வெளியே வந்துவிடும்.

டர்ன்ஓவர்ல 20 சதவீதம் தருவாங்கன்னு சொன்னாங்களே. அப்ப 21 லட்சம் கேட்டா என்ன?

அந்த முறை உண்மைதான். ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரைப்படி, குறு, சிறு தொழில்களுக்கு 5 கோடி வரையிலான வரம்புகளில், எதிர்பார்க்கும் விற்பனையின் 25 சதவீதத்தை நடைமுறை மூலதனத் தேவையாக எடுத்து, அதில் 5 சதவீதம் வியாபாரியின் பணம், 20 சதவீதம் வங்கியின் பணம் என்று கணக்கிடுவார்கள். 108 லட்சத்துக்கு அது 21.6 லட்சம் வரும்.

ஆனால் வரம்பு எவ்வளவு கொடுத்தாலும் டி.பி. அளவுக்குத்தான் எடுக்கமுடியும். சரக்கு உச்சத்தில் நிற்கும் செப்டம்பரிலேயே அது 14.46 லட்சம்தான் என்று முந்தைய பதிலில் பார்த்தோம். அதைவிட முக்கியம், தேவை 7 லட்சம் என்று உங்கள் பதிவேடே சொல்லும்போது மேலும் 14 லட்சம் எங்கே போகும் என்ற கேள்வி வரும். நிலம் வாங்கவோ, வீட்டுச் செலவுக்கோ திருப்பப் போகிறார் என்று சந்தேகம் வந்துவிட்டால், நியாயமான 7 லட்சமும் சேர்ந்து நின்றுபோகும். இந்த 20 சதவீதக் கணக்கைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதுங்கள், கேட்கும் தொகை அதற்கு வெகுவாகக் கீழே இருப்பது உங்களுக்குப் பலம்.

கடிதத்தை எப்படி எழுதறது? ஒரு மாதிரி கொடுங்க.

செப்டம்பரில் சரக்கு வேண்டுமென்றால் மே மாதமே கொடுத்துவிடுங்கள்.

> அனுப்புநர்: (கடையின் பெயர், உரிமையாளர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், உத்யம் எண்)
>
> பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)
>
> பொருள்: ரூ. 7,00,000 கேஷ் கிரெடிட் வரம்பு வேண்டி, இருப்புக் கணக்கு விவரங்களுடன்
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> எங்கள் நடப்புக் கணக்கு தங்கள் கிளையில் உள்ளது (எண் ......). பெட்ஷீட், துண்டு, லுங்கி மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறோம். தீபாவளிப் பருவத்துக்குச் சரக்கு வாங்க ரூ. 7 லட்சம் கேஷ் கிரெடிட் வரம்பு கோருகிறோம்.
>
> சென்ற நிதியாண்டில் ஆரம்ப இருப்பு ரூ. 15 லட்சம், கொள்முதல் ரூ. 81 லட்சம், மார்ச் 31 அன்று எண்ணிய இருப்பு ரூ. 16 லட்சம், விற்பனை ரூ. 96 லட்சம். சரக்கு சராசரியாக 73 நாளில் விற்றுத் தீர்கிறது. மதிப்பு முழுவதும் ஜி.எஸ்.டி. நீங்கலான அடக்க விலையில்.
>
> இருப்பில் ஓராண்டுக்கு மேற்பட்டது ரூ. 1 லட்சம். அதைத் தனிப்பட்டியலாக இணைத்துள்ளோம், ஈட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை.
>
> சென்ற ஆண்டு செப்டம்பர் இருப்பு ரூ. 18 லட்சம். நான்கு ரகங்கள் பண்டிகைக்கு 9 நாள் முன்பே தீர்ந்ததைப் பதிவேட்டுப் பக்கங்கள் காட்டும் (இணைப்பு 3). இந்த ஆண்டு தேவை ரூ. 24 லட்சம். வரவேண்டியது ரூ. 2 லட்சம், தரவேண்டியது ரூ. 5 லட்சம், சொந்த முதலீடு ரூ. 14 லட்சம் போகத் தேவை ரூ. 7 லட்சம்.
>
> சரக்குக்கு 25 சதவீதம், வரவேண்டியதற்கு 40 சதவீதம் மார்ஜினில் செப்டம்பர் மாத டி.பி. ரூ. 14.46 லட்சம் (இணைப்பு 4). விற்பனை அடிப்படையிலான கணக்கில் ரூ. 21.6 லட்சம். நவம்பர் இறுதிக்குள் இருப்பு ரூ. 12 லட்சமாக இறங்கும்போது கணக்கில் நிலுவை முழுவதும் தீர்ந்துவிடும்.
>
> மாதந்தோறும் இருப்பு அறிக்கை தருவோம். பதிவேட்டையும் கடையையும் எந்த வேலைநாளிலும் பார்வையிடலாம்.
>
> இப்படிக்கு,
>
> (கையொப்பம், முத்திரை, தேதி)

இணைப்புகளாக நான்கு போதும்: பன்னிரண்டு மாதக் கடைசி இருப்பு அட்டவணை, பழைய சரக்குப் பட்டியல், தீர்ந்துபோன ரகங்களின் பதிவேட்டு நகல், டி.பி. கணக்கு. ரிட்டர்ன், வங்கி அறிக்கை போன்றவை படிவத்தோடு எப்படியும் போகும். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2021 ஜூலையிலிருந்து சில்லறை, மொத்த வியாபாரிகளுக்கும் உண்டு. முன்னுரிமைத் துறைக் கடனாகக் கருதப்பட அது உதவும்.

நவம்பர்ல தீர்ந்துடும்னு எழுதிட்டு, தீரலைன்னா?

அந்த வரியைப் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருந்தால் பயமில்லை. நவம்பர் கடைசியில் சரக்கு 12, வரவேண்டியது 2, மில் பாக்கி 4. தேவை 10 லட்சம்தான், சொந்தப்பணம் 14 இருக்கிறது. கடன் பூஜ்யத்துக்கு வரவேண்டும். வரவில்லையென்றால் ஒன்று சரக்கு விற்கவில்லை, அல்லது பணம் வேறெங்கோ போயிருக்கிறது. சரக்கு நின்றுபோனதுதான் காரணமென்றால் அதையும் அந்த மாத அறிக்கையே காட்டும், மேலாளரிடம் முன்கூட்டியே பேசமுடியும்.

ரெண்டு வருஷமா நிக்கிற சரக்கை லிஸ்ட்ல தனியா காட்டணுமா? நாமளே காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கே.

காட்டவேண்டும். பழைய சரக்கை வங்கி எப்படியும் கண்டுபிடிக்கும்: பார்வைக்கு வருபவர் மேல் அலமாரியில் தூசி படிந்த கட்டை இறக்கச் சொல்லி, அதன் கொள்முதல் பில் தேதியைக் கேட்பார். அந்த ஒரு கட்டு நல்ல சரக்காகக் காட்டப்பட்டிருந்தால் பட்டியல் முழுவதும் சந்தேகத்துக்குள் வரும். ஒரு லட்சத்தைத் தானாகக் கழிப்பதால் நம் கடைக்கு டி.பி.யில் போவது 75,000 ரூபாய். தேவைக்கு இரண்டு மடங்கு ஈடு இருக்கும்போது அது ஒரு இழப்பே இல்லை.

வருமான வரி ரிட்டர்ன்ல ஆடிட்டர் இருப்பு 9 லட்சம்னு போட்டிருக்கார். கடையில 16 இருக்கு. என்ன செய்யறது?

இதுதான் நல்ல விண்ணப்பங்களைக்கூட முறிக்கும் இடம். கணிப்பு வருமானத் திட்டத்தில் ஐ.டி.ஆர். 4 போடுபவர்கள், கணக்குப் புத்தகம் தேவையில்லையே என்று இருப்புக் கட்டத்தில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். வங்கி முதலில் ஒப்பிடுவது அதைத்தான். 15+81−9 என்றால் விற்ற சரக்கின் அடக்கம் 87 லட்சம், மொத்த லாபம் 16 லட்சத்துக்குப் பதிலாக 9 லட்சம். வரித்துறைக்கு ஒரு கணக்கு, வங்கிக்கு ஒரு கணக்கு என்று ஆகிவிடும்.

திருத்திய ரிட்டர்ன் போடக் கெடு இருந்தால் எண்ணிக்கைப் பட்டியலோடு ஆடிட்டரிடம் போய்ச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு கடிதம் கொடுங்கள். கெடு முடிந்திருந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று அவரிடமே கேளுங்கள். வித்தியாசத்தை விளக்காமல் கடிதத்தில் 16 என்று எழுதிக் கொடுப்பதும், ரிட்டர்னோடு ஒத்துப்போக 9 என்று எழுதுவதும் இரண்டுமே தவறு.

தைக்கக் கொடுத்த துணி கடையில இல்ல. அதையும் சேர்க்கலாமா?

துணி உங்களுடையது என்பதற்கு டெலிவரி சலானும், தையல்காரர் தன்னிடம் இருப்பதாகக் கையெழுத்திட்ட பட்டியலும் இருந்தால் "வெளியே உள்ள சரக்கு" என்று தனித் தலைப்பில் காட்டலாம். சில கிளைகள் இதை டி.பி.யில் எடுப்பதில்லை, அதனால் கடிதத்தின் கணக்கு இதை நம்பி நிற்கக்கூடாது. மறுபுறம், விற்றால் பணம், இல்லையென்றால் திருப்பு என்ற ஏற்பாட்டில் மற்றவர் உங்கள் கடையில் வைத்திருக்கும் சரக்கு உங்களுடையதல்ல. அதை எந்தத் தலைப்பிலும் சேர்க்காதீர்கள், தனி அலமாரியில் பெயரெழுதி வையுங்கள்.

செப்டம்பர் 30 கணக்கு கொடுத்தேன். அக்டோபர் 12-ல் பார்க்க வந்தா சரக்கு குறைஞ்சிருக்குமே?

குறைந்திருக்கத்தான் வேண்டும். அவர்கள் பார்ப்பது கணக்கு நகர்கிறதா என்பதை. செப்டம்பர் 30 இருப்பு 24 லட்சம், பிறகு வாங்கியது 1 லட்சம், விற்பனை 6 லட்சம். நம் கடையில் விற்பனையில் ஆறில் ஒரு பங்கு லாபம் என்பதால் போன சரக்கின் அடக்கம் 5 லட்சம். கடையில் இருக்கவேண்டியது 20 லட்சம். 19.8 இருந்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். 15 இருந்தால் விளக்கம் சொல்லவேண்டும். வருபவர் எல்லாவற்றையும் எண்ணமாட்டார், நாலைந்து ரகத்தை எடுத்து அலமாரியையும் ஏட்டையும் ஒப்பிடுவார். அதனால் பெரிய ரகங்களின் பக்கம் அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்கவேண்டும். சரக்குக் காப்பீட்டுப் பத்திரத்தையும் கேட்பார்: உச்ச இருப்பான 24 லட்சத்துக்கு எடுத்திருக்கிறதா, 16-க்கா என்று பார்த்துவையுங்கள்.

லோன் வந்தப்புறமும் மாசாமாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கணுமா? ரெண்டு மூணு மாசம் விட்டா என்ன ஆகும்?

கொடுக்கவேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி மூன்று மாதத்துக்கு மேல் பழைய அறிக்கையை வைத்து எடுக்கும் பணம் ஒழுங்கற்றதாகக் கருதப்படும். அந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால், கடை நன்றாக ஓடினாலும், வட்டி சரியாகக் கட்டினாலும் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். போன மாத எண்களை அப்படியே தேதி மாற்றிக் கொடுப்பதும் ஆபத்து. இருக்காத சரக்கை இருப்பதாக எழுதிக் கொடுத்தது நிரூபணமானால் மோசடி வழக்கு வரை போகும்.

மாதம் ஏழாம் தேதிக்குள் என்று உங்களுக்கு நீங்களே ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் ஒரு நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக் கோப்பில் வையுங்கள், மின்னஞ்சலில் அனுப்பினால் அதை அழிக்காமல் வையுங்கள். அறிக்கை வரவில்லை என்று கிளையில் சொல்லும்போது காட்ட அதுதான் கையில் இருக்கும்.